வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையும் இரத்த அழுத்தமும்

மழை பொய்த்த ஆண்டுகளில் நம் கிராமங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் பலர். கொத்தனார், வெல்டர், ஓட்டுநர், சமையற்காரர் எனத் தொழில் எதுவாயினும், விசா கிடைக்கு முன்னர் அவர்கள் எல்லோரும் கடந்தாக வேண்டிய வாயில் ஒன்று உண்டு. அதுவே மருத்துவப் பரிசோதனை. முன்பு ‘காம்கா’ என்றும் இப்பொழுது ‘வாஃபித்’ என்றும் வழங்கும் ஏற்பாட்டின்படி, அங்கீகாரம் பெற்ற நிலையங்களில் மட்டுமே இதைச் செய்துகொள்ள வேண்டும். மார்பு எக்ஸ்ரே, இரத்தம், சிறுநீர் ஆகியவற்றுடன் இரத்த அழுத்தமும் அங்கே அளக்கப்படுகிறது. முடிவில் ‘தகுதியுள்ளவர்’ அல்லது ‘தகுதியற்றவர்’ என்று எழுதப்படும். கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம் தகுதியின்மைக்குரிய காரணங்களுள் ஒன்றாகும்.

நகையை அடகு வைத்தும் வட்டிக்குக் கடன் வாங்கியும் ஏஜெண்டுக்குப் பணம் கட்டியவருக்கு இந்த ஒரு சொல் எத்தகையது என்பதை விவரிக்க வேண்டுவதில்லை. எக்ஸ்ரேயில் தெரியும் பழைய தழும்பை ஒருவர் ஒரு நாளில் மாற்றிவிட இயலாது. ஆனால் இரத்த அழுத்தமோ மணிக்கு மணி மாறும் இயல்புடையது. நோயே இல்லாதவருக்கும் அன்று அளவு ஏறிவிடலாம். நோய் உள்ளவரும் முன்கூட்டியே சிகிச்சை பெற்றால் முறையாகத் தேறலாம். ஆகவே, உள்ளபடியான அளவு அன்று பதிவாவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம். நோயை மறைப்பதற்கு வழி சொல்வது இதன் நோக்கமன்று. அளவில் கலந்துவிடும் பொய்யான பகுதியை நீக்குவதே நோக்கம்.

மேல்நிலைத் தொட்டியும் கையின் உயரமும்

பம்பு நீரைத் தள்ளும்போது குழாயின் சுவரில் ஓர் அழுத்தம் ஏற்படுகிறது. அவ்வாறே இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது இரத்தக் குழாயில் ஏற்படுவது மேல் அளவு. இதயம் விரிந்து ஓய்வெடுக்கும்போது இருப்பது கீழ் அளவு. 120க்கு 80 என்று சொல்வது இவ்விரண்டையுமே. இவை பாதரசம் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு எழும் என்ற கணக்கில் கூறப்படுகின்றன. பாதரசம் நீரைவிடச் சுமார் 13½ மடங்கு கனமானது. எனவே 120 மில்லிமீட்டர் பாதரசம் என்பது சுமார் 163 சென்டிமீட்டர் உயரமுள்ள நீருக்கு, அதாவது ஓர் ஆள் உயர நீருக்குச் சமம்.

நம் ஊர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் நீர், தாழ்ந்த தெருக் குழாயில் வேகமாகவும், மேட்டுத் தெருக் குழாயில் மெதுவாகவும் விழுவதைப் பார்த்திருக்கிறோம். நம் உடலிலும் அதே விதிதான். பட்டை சுற்றிய இடம் இதயத்தின் மட்டத்துக்குக் கீழே 5 சென்டிமீட்டர் தாழ்ந்தால் அளவு சுமார் 4 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். கையை மேசைமேல் வைக்காமல் மடியில் வைத்து அளந்தால் மேல் அளவு ஏறத்தாழ 4 கூடுகிறது என்றும், பக்கத்தில் தொங்கவிட்டு அளந்தால் 6 அல்லது 7 கூடுகிறது என்றும் 2024-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. இது உடம்பின் குற்றமன்று. கை இருந்த இடத்தின் குற்றம். கையை மிக உயர்த்திப் பிடித்தால் அளவு குறைவாகக் காட்டும், அதுவும் பொய்யே. பட்டையின் நடுப்பகுதி மார்பின் நடு மட்டத்தில் இருக்கும்படி கையை மேசைமேல் தளர்வாக வைப்பதே சரியான நிலை.

ஒரே அளவு, இரு மனிதர்கள்

விளக்கத்திற்காக இருவரை எடுத்துக்கொள்வோம். ஒரே கிராமத்தைச் சேர்ந்த மாமனும் மைத்துனனும் சென்னையில் ஒரே நாளில் பரிசோதனைக்குச் செல்கின்றனர். மைத்துனருக்கு வயது 34, மாமனுக்கு 46. இரவுப் பேருந்தில் அமர்ந்தபடியே இரண்டு மணி நேரந்தான் உறங்கினார்கள். பேருந்து நிலையத்தில் இரண்டு முறை காப்பி குடித்தார்கள், பீடியும் பிடித்தார்கள். சிறுநீர் கொடுக்க வேண்டியிருக்கும் என்று காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தார்கள். நிலையமோ இரண்டாவது மாடியில் இருந்தது. நேரமாகிவிட்டதென்று படிகளில் ஓடி ஏறியவுடன் பெயர் அழைக்கப்பட்டது. முதுகுச் சாய்மானமில்லாத முக்காலியில் அமர்ந்து, முழுக்கைச் சட்டையை இறுகச் சுருட்டிவிட்டு, ஏஜெண்டைப் பற்றிப் பேசிக்கொண்டே கையை நீட்டினார்கள். இருவருக்கும் 162க்கு 98 என்று பதிவாயிற்று. மறுபடியும் வந்து காட்டுமாறு கூறி, முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது.

பார்ப்பதற்கு இருவர் நிலையும் ஒன்றே. ஆனால் உண்மையில் வெவ்வேறு. இதைப் பிரித்தறிவது எப்படி என்று சற்றுப் பின்னர் காண்போம். முதலில் அன்றைய அளவில் பொய் எங்கெங்கே நுழைந்தது என்று பார்ப்போம்.

சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும்போது உடல் ஒருவிதத் தவிப்பில் இருக்கிறது. அப்போது மேல் அளவு 10 வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும் உயரக்கூடும். பரிசோதனைக்குச் செல்வோர் பெரும்பாலும் செய்யும் பிழை இதுதான். சிறுநீர் மாதிரியை முதலில் கொடுத்துவிட்டு, அதன்பின் அழுத்தம் பார்த்துக்கொள்ள அனுமதி கேட்பது நல்லது. காப்பியும் புகையும் இரத்தக் குழாய்களை இறுகச் செய்வதால் அளவை உயர்த்துகின்றன. படியேறிய இதயம் அடங்கச் சில நிமிடங்கள் ஆகும். அளக்கும்போது பேசிக்கொண்டிருந்தால் அதனால் மட்டுமே மேல் அளவு சுமார் 10 ஏறலாம். முதுகுக்குச் சாய்மானமில்லாமையும், கால்மேல் கால் போட்டு அமர்வதும் மேலும் சில புள்ளிகளைக் கூட்டுகின்றன. இவற்றையெல்லாம் அப்படியே ஒன்றோடொன்று கூட்டிக் கணக்கிட முடியாது. ஆயினும் பல சேரும்போது, இயல்பானவரையும் எல்லைக்கு அப்பால் தள்ளிவிட இவை போதுமானவை.

பட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மண்வெட்டி பிடித்து உரமேறிய கைகளும் பருத்த கைகளும் சாதாரணப் பட்டைக்குள் அடங்குவதில்லை. சிறிய பட்டையைப் பெரிய கையில் சுற்றினால் அளவு கூடுதலாகவே காட்டும். கை மிகவும் பருத்திருந்தால் மேல் அளவில் 20 வரையிலுங்கூடப் பிழை நேரலாம். புறப்படுமுன், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் தையற்காரரின் டேப்பினால் கையின் சுற்றளவை அளந்து வைத்துக்கொள்ளலாம். எந்தச் சுற்றளவுக்கு ஏற்றது என்பது பட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் கை அதற்கு மேற்பட்டதாயின், பெரிய பட்டை இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். பட்டையைத் துணியின்மேல் சுற்றக்கூடாது. வெறுங்கையில் சுற்ற வேண்டும். சட்டைக் கையை மேலே சுருட்டும்போது அது கயிறுபோல இறுக்கினாலும் அளவு கெடும். தளர்ந்த அரைக்கைச் சட்டை அணிந்து செல்வதே எளிய வழி.

ஒரு மாதம் முன்பே செய்ய வேண்டியது

பரிசோதனை நாளன்றுதான் முதன்முறையாக இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வது, அறுவடையன்று வயலைப் பார்க்கப் போவது போன்றது. வெளிநாடு செல்ல எண்ணங்கொண்டவர், ஏஜெண்டுக்குப் பணம் கட்டுவதற்கும் முன்னால், குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ துணைச் சுகாதார நிலையத்திலோ அளந்து பார்க்க வேண்டும். மருத்துவ நிலையத்தில் முறைப்படி அளந்து, வெவ்வேறு நாட்களில் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதை இரத்தக் கொதிப்பு என்று டாக்டர்கள் கொள்கின்றனர்.

மருத்துவரைக் கண்டவுடன் சிலருக்கு அளவு ஏறிவிடும். வீட்டில் இயல்பாக இருக்கும். இவர்கள் வீட்டிலேயே அளந்து குறித்துக்கொள்வது மிகவும் பயன்படும். மேற்கையில் பட்டை சுற்றும் தானியங்கிக் கருவியே இதற்கு ஏற்றது. மணிக்கட்டில் கட்டும் கருவி கையின் நிலை சற்று மாறினாலும் பிழைபடும். காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கும் காப்பிக்கும் மாத்திரைக்கும் முன்னர், ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். மாலையிலும் அவ்வாறே இரண்டு முறை. ஏழு நாட்கள் அளப்பது நலம். குறைந்தது மூன்று நாட்களாவது அளக்க வேண்டும். புதிய கருவியைக் கண்ட பரபரப்பு முதல் நாளில் இருக்குமாதலால் அந்நாளின் அளவுகளை விட்டுவிட்டு, மற்றவற்றின் சராசரியைக் காண வேண்டும். வீட்டு அளவுக்கு எல்லை சற்றுக் குறைவு: 135க்கு 85.

இப்பொழுது நம் இருவரிடம் திரும்புவோம். மைத்துனர் ஊருக்கு வந்து மேற்கண்ட முறையில் அளந்தார். அவருடைய ஏட்டிலிருந்து ஆறு குறிப்புகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். மேல் அளவுகள் 138, 134, 136, 132, 134, 130. இவற்றின் கூட்டுத்தொகை 804; ஆறால் வகுக்க 134. கீழ் அளவுகள் 86, 84, 84, 82, 84, 82, கூட்டுத்தொகை 502, சராசரி ஏறக்குறைய 84. ஆகவே அவருடைய உண்மையான அளவு 134க்கு 84 ஆகும். சென்னையில் எழுதப்பட்ட 162 என்பது பயணமும் பரபரப்பும் படிக்கட்டும் சேர்ந்து எழுதிய கணக்கு. எனினும் இவர் எல்லைக்கு மிக அருகில் இருக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றைக் குறைத்தல், பீடியையும் மதுவையும் விடுதல், இவை அவருக்கு வேண்டும். சோறு, குழம்பு, ஊறுகாய் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவாக உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

மாமன் கதை வேறு. அவரும் அதே கருவியில், அதே முறையில் ஏழு நாட்கள் அளந்தார். ஆனால் அவருக்கு வந்த சராசரி 154க்கு 96. அமைதியாக அமர்ந்தும் அளவு இறங்கவில்லை. இவருக்கு நோய் இருக்கிறது. தலைவலியோ மயக்கமோ இல்லாததால் இத்தனை நாள் தெரியாமலிருந்தது. ஆரம்பச் சுகாதார நிலையத்து டாக்டர் இரத்தமும் சிறுநீரும் சோதித்து, அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரையை நாள்தோறும் ஒன்று சாப்பிடக் கொடுத்தார். இம்மாத்திரை உடனே அழுத்தத்தை இறக்கிவிடுவதன்று. முழுப் பயனும் தெரிய ஓரிரு வாரம் ஆகும். நான்கு வாரத்துக்குப் பின் அவருடைய வீட்டு அளவு 130க்கு 82 ஆயிற்று. டாக்டரின் சீட்டையும், அளவுகள் குறித்த ஏட்டையும் எடுத்துச் சென்று, மருந்து சாப்பிடுவதை மறைக்காமல் சொல்லி அவர் மறுபரிசோதனைக்குச் சென்றார். மருந்தினால் கட்டுப்பட்ட அழுத்தம் வேறு, கட்டுப்படாத அழுத்தம் வேறு. முடிவு சொல்வது நிலையத்து டாக்டரின் பொறுப்பு. ஆனால் அவர் கையில் இப்பொழுது உண்மையான அளவு இருக்கிறது.

அளவு 180க்கு 120 அல்லது அதற்கு மேல் காட்டி, அத்துடன் மார்பு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல், பார்வை மங்கல் இவற்றில் ஏதேனும் இருந்தால், பரிசோதனையை மறந்துவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இரவல் மாத்திரையின் ஆபத்து

“ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு போ, அளவு இறங்கிவிடும்” என்று உடன் வருபவர்கள் சொல்வதுண்டு. இதற்குச் செவி கொடுக்கலாகாது. இதயத் துடிப்பைத் தணிக்கும் ஒருவகை மாத்திரை, ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சடைப்பை உண்டாக்கக்கூடும். திடீரென அழுத்தத்தை இறக்கும் வேறு மாத்திரைகளால் மூளைக்கும் இதயத்துக்கும் செல்லும் இரத்தம் குறைந்து, வரிசையில் நிற்கும்போதே மயங்கி விழ நேரலாம். அன்று தப்பித்தாலும் நோய் தப்பவில்லை. பாலைவன வெயிலில், நெடுநேர வேலையில், மருந்தின்றி ஏறிய அழுத்தம் பக்கவாதமாக முடிந்தால், கடனும் நிற்கும். சம்பாதிக்கும் கையும் விழும்.

இதற்கு நேர்மாறான பிழையும் ஒன்று உண்டு. இரத்தச் சோதனையில் மருந்து தெரிந்துவிடும் என்றஞ்சி, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையைப் பரிசோதனைக்கு முன்தினமே நிறுத்திவிடுகிறார்கள். சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்னிருந்ததைவிட மேலே எழும்பிவிடும். ஆகவே டாக்டர் வேறுவிதமாகச் சொன்னாலன்றி, வழக்கமான மாத்திரையை வழக்கமான நேரத்தில் சாப்பிட்டே செல்ல வேண்டும்.

வேறு நோய்க்காகச் சாப்பிடுபவையும் அழுத்தத்தை ஏற்றலாம். மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன் போன்ற மாத்திரைகள், மூக்கடைப்பைத் திறக்கும் சில சளி மாத்திரைகள், ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியவை அத்தகையன. இருமலுக்கு நாள்தோறும் மிகுதியாக உண்ணும் அதிமதுரமும் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தைக் கூட்டும். இவற்றைச் சாப்பிட்டு வருவோர் ஒரு மாதம் முன்பு டாக்டரைக் காணும்போதே சொல்ல வேண்டும். டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

முதல் நாளும் பரிசோதனை நாளும்

இயன்றால் முதல் நாளே நகரம் சென்று, உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கி நன்றாக உறங்க வேண்டும். ஓரிரவு அறை வாடகை, மறுபரிசோதனைக்கு மீண்டும் வந்துபோகும் செலவினும் குறைவாகவே இருக்கும். முன்தினம் மது கூடாது. கருவாடும் ஊறுகாயும் வேண்டாம். காலையில் வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தால் அதன்படி செய்து, தண்ணீர் குடிக்கலாமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படிச் சொல்லாதபோது எளிய சிற்றுண்டி போதும். காப்பி, தேநீர், பீடி, சிகரெட் ஆகியவற்றை அளப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பாகவே நிறுத்திவிட வேண்டும்; அன்று காலை முழுவதும் தவிர்ப்பது இன்னும் நல்லது.

குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னதாகச் சென்று, படியை மெதுவாக ஏறி, சிறுநீர் கழித்துவிட்டு அமர வேண்டும். பெயர் அழைத்தவுடன் கை நீட்ட நேர்ந்தால், “சிஸ்டர், இப்பொழுதுதான் படியேறி வந்தேன். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பார்க்கிறீர்களா?” என்று பணிவாகக் கேட்கலாம். இது சலுகையன்று, அளக்கும் முறையே அதுதான். முதுகைச் சாய்த்து, இரு பாதங்களையும் தரையில் ஊன்றி, கையை மேசைமேல் வைத்து, வாய் பேசாமல் இருக்க வேண்டும். மூச்சை அடக்க வேண்டாம். முஷ்டியை இறுக்க வேண்டாம். அளவு கூடுதலாக வந்தால் பதற்றமடையாமல், சிறிது நேரம் கழித்து மீண்டும் அளக்குமாறு கேட்க வேண்டும். இரண்டாவது அளவு நன்கு இறங்கினால் முன்னது பரபரப்பினால் வந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பலமுறை அளந்தும் இறங்காவிட்டால், வீட்டு ஏட்டைக் காட்டிவிட்டு, சிகிச்சைக்கு நாள் கேட்டு வருவதே சரி.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

இதில் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களின் வீட்டுக்கே சென்று அளந்து மாத்திரை தரும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் வெளிநாடு செல்லப்போகும் நடுவயதினர் பகலில் வேலைக்குச் சென்றுவிடுவதால், வீடு தேடி வரும் ஊழியர் கண்ணில் படுவதில்லை. பாஸ்போர்ட்டு எடுக்கச் சான்று கேட்டு யாரேனும் வந்தால், “இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டாயா, தம்பி?” என்று அப்பொழுதே கேட்டுவிடலாம். துணைச் சுகாதார நிலையத்தில் சாய்மானமுள்ள ஒரு நாற்காலியும், கை வைக்க ஏற்ற உயரத்தில் ஒரு மேசையும், சாதாரணப் பட்டையுடன் பெரிய பட்டை ஒன்றும் இருக்கின்றனவா என்று உறுப்பினர்கள் நேரில் சென்று பார்க்கலாம். இல்லையென்றால் சுகாதாரத் துறைக்கு எழுதிக் கேட்கலாம். அங்கே முறையாக அளக்கப்பட்ட அளவு ஒரு மாதம் முன்பே கையிலிருந்தால், நம் ஊரிலிருந்து செல்பவர் தம் உடல்நிலையைத் தெரிந்துகொண்டே பரிசோதனைக்குப் போவார். கடன் வாங்குவதா வேண்டாமா என்பதையும் தெரிந்தே முடிவு செய்வார்.